‘காலனி’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

(திருச்சிராப்பள்ளி கே.கே. நகரில் நடந்த நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணன் பெயரில் நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது ஏதாவது ஒரு கோட்பாட்டைப் பற்றிப் பேசலாமா என்று யோசித்தேன். அண்ணன் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவர் இந்தக் கே.கே. நகரிலிருந்து காலையில் புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடித்துக் கிராமம் கிராமமாகச் சென்று செய்தி சேகரித்த பகுதிநேர நிருபர். அனுப்பிய செய்திக்கு வரிக்கணக்கில் காசு வாங்கியவர். அதனால் அவர் செய்த வேலையைப் பற்றியும், அந்த வேலைக்கு அடுத்த கட்டமாக நான் சில ஆண்டுகள் செய்த வேலையைப் பற்றியும் பேசுகிறேன். தமிழில் வரும் ஒரு செய்தியை அகில இந்திய ஆங்கில நாளிதழுக்காகச் சுருக்கமாக ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. ஊரில் நடந்ததன் பொருள் எந்த இடத்தில் தொலைகிறது, தொலையாமல் எப்படி எழுதுவது என்பதே இன்றைய பேச்சு.

என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெல்டா பகுதியிலிருந்து ஒரு செய்தி வந்தது. கோயில் திருவிழாவில் தலித் மக்கள் வழிபாட்டு உரிமை கேட்டார்கள். ‘ஊர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் பதற்றம்’ என்று தமிழ்ச் செய்தியில் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. ஊர் என்றால் வில்லேஜ், ஊர் மக்கள் என்றால் வில்லேஜர்ஸ். தலித்துகள் கோயிலுக்குள் வருவதை வில்லேஜர்ஸ் எதிர்த்தார்கள் என்று எழுதி அனுப்பினேன். இலக்கணம் சரியாக இருந்தது, அளவும் சரியாக இருந்தது. ஒரு சொல் மாறாமல் அப்படியே அச்சானது.

மறுநாள் காலை அண்ணன் போன் செய்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத வராது, ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். “ஏம்மா, வில்லேஜர்ஸ் எதிர்த்தாங்க, தலித்துங்க கேட்டாங்கன்னு போட்டிருக்க. அப்ப அந்த சனங்க எந்த வில்லேஜும்மா?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. தமிழில் ‘ஊர்’ என்று எழுதும்போது அந்தச் சொல்லுக்குள் ஒரு கோடு இருப்பது நமக்குத் தெரியும். ஊர் வேறு, சேரி வேறு. ‘ஊர்க்காரங்க’ என்று சொன்னால் யாரைச் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். வில்லேஜ் என்ற ஆங்கிலச் சொல்லில் அந்தக் கோடு கிடையாது. அது எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் சொல். அப்படிப்பட்ட சொல்லில் ஒரு தரப்பை மட்டும் வைத்து எழுதியதால், தமிழில் எல்லாருக்கும் தெரிந்த ஒதுக்கலை ஆங்கிலத்தில் யாருக்கும் தெரியாமல் நானே இன்னொரு முறை செய்துவிட்டேன். டெல்லியில் படிப்பவருக்கு ஒரு கிராமமும், வெளியிலிருந்து வந்து தொந்தரவு செய்யும் சிலரும் தெரிந்திருப்பார்கள். ‘அந்த ஊரின் சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள்’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘காஸ்ட் ஹிண்டு’ என்பது ஆங்கிலப் பத்திரிகைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல்தான். கூடுதலாக ஒரே ஒரு சொல் ஆகியிருக்கும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேங்கைவயல். புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் ஒன்றியம், முட்டுக்காடு ஊராட்சி. 2022 டிசம்பர் 26 அன்று அங்குள்ள தலித் குடும்பங்களுக்குக் குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. சில நாட்களாகவே அங்கே குழந்தைகளுக்கு உடல்நிலை சரியில்லாமல் போயிருந்தது. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகத்தில் இளைஞர்கள் தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தார்கள். மறுநாள் மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் அங்கே சென்றார்கள். கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை என்று மக்கள் சொன்னார்கள். அதிகாரிகள் அவர்களை அய்யனார் கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே சாமி வந்ததாக ஆடிய ஒரு பெண் இழிவாகப் பேசினார். டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் தெரியவந்தது. அந்தப் பெண் மீதும் டீக்கடைக்காரர் மீதும் வழக்குப் பதிவானது.

இந்த நிகழ்வு தமிழ்ச் செய்தியாக எப்படி வரும் என்று மாணவர்கள் பார்ப்பதற்காக ஒரு மாதிரியை நானே எழுதிவந்திருக்கிறேன். இது எந்தப் பத்திரிகையிலும் வந்ததல்ல, ஆனால் நடை உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும்.

‘புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் ஒன்றியம் முட்டுக்காடு ஊராட்சிக்கு உட்பட்ட வேங்கைவயல் காலனியில் உள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மர்ம நபர்கள் மனித மலத்தைக் கலந்த சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது. தகவலறிந்து சென்ற ஆட்சியர், அப்பகுதி மக்களைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றபோது, மாற்றுச் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் சாமியாடியபடி தகாத வார்த்தைகளால் திட்டினார். டீக்கடையில் இரட்டைக் குவளை முறை பின்பற்றப்படுவதாகவும் கூறப்படுகிறது.’

இதை ஆங்கிலத்தில் எழுத உட்காருகிறோம். டெஸ்க்கில் 250 சொற்கள் தருவார்கள். முதல் வாக்கியம் 30 சொற்களைச் சுற்றி இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவார்கள், ஆகவே முக்கியமானது மேலே இருக்க வேண்டும். இந்த விதியில் எனக்குக் குறை இல்லை. சுருக்கம் பொருளைக் கொல்வதில்லை. எது முக்கியம் என்று தெரியாமல் சுருக்கும்போதுதான் பொருள் சாகிறது.

முதலில் எதை விடலாம் என்று பார்ப்போம். ‘பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது’ என்பதை விடலாம். அதில் தகவல் எதுவும் இல்லை. ‘மர்ம நபர்கள்’ என்பதை ‘மிஸ்டீரியஸ் பர்சன்ஸ்’ என்று எழுதினால் பேய்க்கதை ஆகிவிடும். ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்றால் போதும். ஒன்றியத்தின் பெயரும் ஊராட்சியின் பெயரும் முதல் வாக்கியத்துக்கு வேண்டாம், மாவட்டமும் மாநிலமும் இருந்தால் போதும். இவற்றையெல்லாம் எடுத்தால் இருபது சொற்களுக்குக் குறையாமல் மிச்சமாகும். அந்த மிச்சத்தை எதற்குச் செலவு செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

இனி ‘காலனி’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்தச் செய்தியில் ஆங்கிலத்தில் எழுத மிகச் சுலபமானது இது என்று தோன்றும், ஏனென்றால் அது ஆங்கிலச் சொல்தான். மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை, அப்படியே போட்டுவிடலாம். ஆனால் எல்லாவற்றிலும் ஏமாற்றும் சொல் அதுதான். டெல்லிக்காரருக்குக் காலனி என்றால் டிஃபென்ஸ் காலனி, நியூ ஃபிரெண்ட்ஸ் காலனி. வசதியானவர்கள் வாழும் இடங்கள். டெல்லி வரை போக வேண்டாம், இங்கே பொன்மலையில் ரயில்வே காலனி இருக்கிறது. அது தொழிலாளர் குடியிருப்பு. அதைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. அதே சொல்லை ஒரு கிராமத்தின் பெயரோடு சேர்த்து ‘இன்ன ஊர் காலனி’ என்று சொன்னால், பஸ் கண்டக்டரிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரை எல்லாருக்கும் சாதி தெரிந்துவிடும். “நீ காலனியா, ஊரா?” என்ற கேள்வியைப் பள்ளியில் கேட்காமல் வளர்ந்தவர்கள் இந்த அரங்கத்தில் எத்தனை பேர் இருப்பீர்கள்?

எழுத்து அதேதான், ஒலியும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் நம் காலனி ஆங்கிலத்து காலனி இல்லை. அது தமிழ்நாட்டில் தமிழாகிவிட்ட சொல். எனவே அதையும் மொழிபெயர்க்கத்தான் வேண்டும். மொழிபெயர்க்காமல் போட்டால் என்ன ஆகும்? வேங்கைவயல் காலனியின் தண்ணீர்த் தொட்டியில் அசுத்தம் என்ற செய்தியை, ஏதோ ஒரு குடியிருப்பில் நடந்த சுகாதாரக் கேடு என்றுதான் வாசகர் படிப்பார். நகராட்சிச் செய்தியாகப் பத்தாம் பக்கத்துக்குப் போய்விடும். செய்தியின் இதயமே அது தலித் மக்களின் தொட்டி என்பதுதான். தமிழில் அந்தத் தகவலைத் தாங்கி நின்றது ‘காலனி’ என்ற ஒற்றைச் சொல். ஆங்கிலத்தில் அந்தச் சொல் வெறும் கூடாகத்தான் போய்ச் சேரும்.

அப்படியானால் என்ன எழுதுவது? ‘சேரி’ என்று நினைத்துக்கொண்டு அகராதியைத் திறந்தால் ‘ஸ்லம்’ என்று இருக்கும். அது தவறு. ஸ்லம் என்பது வறுமையைச் சொல்கிறது, ஒதுக்கலைச் சொல்லவில்லை. சேரியில் மாடி வீடு கட்டினாலும் அது சேரிதான். வேளச்சேரியும் புதுச்சேரியும் நினைவுபடுத்துவதுபோல, ஒரு காலத்தில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்று மட்டும்தான் பொருள். ‘ஹேம்லெட்’ என்று சிலர் எழுதுவார்கள். அது தனியாக இருக்கும் ஓர் அழகான சிற்றூரை நினைவூட்டும். தனியாக இருக்கிறது என்று சொல்லும், தனியாக வைக்கப்பட்டது என்று சொல்லாது. ‘மெயின் வில்லேஜிலிருந்து தள்ளி’ என்று எழுதினால் மறுபடி என் பழைய தவறுதான், யாருடைய தெரு மெயின் என்று நாமே தீர்ப்பு எழுதுகிறோம். நான் வந்து சேர்ந்த வடிவம் இது: ‘தலித் செட்டில்மென்ட்’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, பக்கத்திலேயே ‘சாதி இந்துக்களின் தெருக்களிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது’ என்று ஆறேழு சொற்களில் சொல்லிவிடுவது. மிச்சம் பிடித்த இருபது சொற்களில் ஏழை இங்கே செலவு செய்யலாம்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாகிவிட்டதால், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்றார். அந்த அறிவிப்பை அகில இந்திய நாளிதழுக்கு எழுதுபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ‘தமிழ்நாடு அரசு காலனி என்ற சொல்லை நீக்குகிறது’ என்று மட்டும் எழுதினால், வெள்ளைக்காரன் வைத்த பெயரை மாற்றுகிறார்கள், மதராஸைச் சென்னை ஆக்கியதுபோல, என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். காலனி ஆதிக்கம் என்ற பொருள்தான் அவருக்கு முதலில் வரும். சாதி என்ற சொல் முதல் வாக்கியத்தில் இல்லாவிட்டால் அந்தச் செய்தி முழுவதும் வேறு செய்தியாகிவிடும்.

இதற்கு நேர் எதிராக நடந்ததும் ஒன்று உண்டு. ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்தது காலனி. நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போனது ‘பரையா’. பறையர் என்ற நம் சாதிப் பெயர் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போய், ஒதுக்கித் தள்ளப்பட்டவர் என்ற பொதுப்பொருளைப் பெற்றுவிட்டது. இன்று ஏதாவது ஒரு நாட்டின் மீது மற்ற நாடுகள் தடை விதித்தால் அதைப் ‘பரையா ஸ்டேட்’ என்று உலகச் செய்திப் பக்கத்தில் எழுதுகிறார்கள். எழுதுபவர் யாரையும் திட்டுவதாக நினைப்பதில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். வசவாக வீசப்பட்ட சொல்லை எடுத்துத் தலைப்பாக அச்சிட்டார். அவர் தலைப்பாக வைத்ததும், ஆங்கிலப் பத்திரிகை வசையாக வைத்திருப்பதும் ஒரே பெயர். ஆகவே நீங்கள் ஆங்கிலப் பத்திரிகையில் வேலைக்குப் போனால், உங்கள் மேசைக்கு வரும் செய்தியில் அந்தச் சொல் இருந்தால் ‘அவுட்காஸ்ட்’ என்றோ ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்றோ மாற்றுங்கள். ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைதான்.

வேங்கைவயலுக்குத் திரும்புவோம். ‘அப்பகுதி மக்கள்’, ‘மாற்றுச் சமூகத்தைச் சேர்ந்த பெண்’. தமிழ்ப் பத்திரிகைகளில் இவை சாதியைச் சொல்லாமல் சொல்லும் சொற்கள். மோதல் வரக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். தமிழ் வாசகர் இடத்தையும் சூழலையும் வைத்து நிரப்பிக்கொள்வார். ஆங்கில வாசகரால் நிரப்ப முடியாது. ‘அனதர் கம்யூனிட்டி’ என்று எழுதினால் வட இந்தியாவில் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது மதம். கம்யூனல் என்ற சொல்லுக்கு அங்கே உள்ள பொருள் அப்படி. சாதிச் செய்தி மதச் செய்தியாகிவிடும். எனவே ‘சாதி இந்துப் பெண்’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

மக்களை எந்தப் பெயரால் சொல்வது என்பதும் அப்படித்தான். பஞ்சமர், பறையர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா தீர்மானம் கொண்டுவந்தார். அது நாம் கேட்டு வாங்கிய பெயர். ஆனால் இன்று தமிழ்ச் செய்தியில் ஆதிதிராவிடர் என்று வந்தால் இரண்டு பொருள் இருக்கலாம். அரசுத் துறையின் பெயரில் அது பட்டியல் சாதியினர் எல்லாரையும் குறிக்கிறது. பட்டியலுக்குள் பார்த்தால் அது ஒரு தனிச் சாதியின் பெயர், அருந்ததியர் என்பதுபோல. எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று நிருபரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எழுத வேண்டும். சட்டத்தையோ இடஒதுக்கீட்டையோ பற்றிய வாக்கியம் என்றால் ஷெட்யூல்டு காஸ்ட், மக்களைப் பற்றிய வாக்கியம் என்றால் தலித். நான் பின்பற்றும் வழக்கம் இது.

அடுத்து, ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’. இதை ‘அப்யூஸ்டு’ என்று சுருக்கினால் தெருச்சண்டை ஆகிவிடும். அந்தத் தகாத வார்த்தை என்ன என்று பார்க்க வேண்டும். அச்சிட அல்ல, தெரிந்துகொள்ள. புகாரிலோ முதல் தகவல் அறிக்கையிலோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக இருந்தால், ‘சாதி வசை’ என்று எழுதுவதற்கு அதுவே ஆதாரம். அந்தச் சொல் இருந்தால்தான் ஏன் கைது, எந்தச் சட்டம் என்பது வாசகருக்குப் புரியும். இல்லாவிட்டால், சாமியாடிய ஒரு பெண்ணைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள் என்று மட்டும் தெரியும்.

‘சாமியாடியபடி’ என்பதை டெஸ்க்கில் வெட்டப் பார்ப்பார்கள், விநோதமான உள்ளூர்ச் சங்கதி என்று. நான் வெட்ட வேண்டாம் என்பேன். அந்த வசை ஒரு மனுஷியின் குரலில் வரவில்லை, தெய்வத்தின் குரலாக வந்தது. நீங்கள் உள்ளே வரக் கூடாது என்று சாமியே சொல்வதாக ஆட்சியரின் முன்னாலேயே சொல்லப்பட்டது. கோயில் நுழைவு மறுப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? ‘சாமி வந்ததாகக் கூறிக்கொண்டு’ என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்கள்தான்.

இரட்டைக் குவளைக்கு ‘டூ டம்ளர் சிஸ்டம்’ என்ற சொல் ஆங்கிலப் பத்திரிகைகளில் நிலைபெற்றுவிட்டது. அதை மாற்ற வேண்டாம், ஆனால் தனியாகவும் விட வேண்டாம். தலித்துகளுக்குத் தனிக் குவளையில் டீ கொடுப்பது என்று ஒரு சிறு விளக்கம் வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் அது ஏதோ கடையில் கழுவும் முறை என்று கடந்துவிடுவார்.

இப்போது முதல் வாக்கியத்தை அமைக்கலாம். நான் எழுதிப் பார்த்த ஆங்கில வாக்கியத்தின் வரிசையைத் தமிழில் சொல்கிறேன்: மனித மலம் கண்டுபிடிக்கப்பட்டது, திங்கட்கிழமை, மேல்நிலைத் தொட்டியில், தலித் குடும்பங்களுக்குக் குடிநீர் தரும் தொட்டி, வேங்கைவயலில், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம், அங்கே குழந்தைகள் நோயுறத் தொடங்கிய சில நாட்களுக்குப் பின். ஆங்கிலத்தில் இது 31 சொற்கள். ‘காலனி’ இல்லை, ‘பரபரப்பு’ இல்லை, ‘மாற்றுச் சமூகம்’ இல்லை. ஆனால் ஊரில் தெரிந்த செய்தி முழுவதும் இருக்கிறது. ‘மலம்’ என்ற சொல்லையும் மென்மையாக்கவில்லை. குடிநீரில் ‘மாசு கலந்தது’ என்று நாகரிகமாக எழுதினால் குற்றம் மறைந்து ஒரு விபத்து மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது பத்தியில் சட்டம் வரும். ‘வன்கொடுமை’ என்ற சொல்லில் ஒரு வழுக்கல் இருக்கிறது. இன்றைய தமிழ்ச் செய்திகளில் பாலியல் வன்கொடுமை என்ற வழக்கு பரவியிருப்பதால், அவசரத்தில் வன்கொடுமை வழக்கு என்பதைப் பாலியல் குற்றமாகப் பெயர்த்துவிடும் ஆபத்து உண்டு. 1989ஆம் ஆண்டின் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் ‘அட்ராசிட்டி’ என்பது வரையறுக்கப்பட்ட சட்டச் சொல். பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவது அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் குற்றங்களில் ஒன்று. பாராளுமன்றத்தில் சட்டம் எழுதியவர்களுக்கு இப்படி நடக்கும் என்று தெரிந்திருக்கிறது. அதை ஒரு வாக்கியமாகச் சேர்த்தால், வேங்கைவயல் எங்கோ நடந்த ஒரு விநோதம் இல்லை என்பது வாசகருக்குப் புரிந்துவிடும்.

இதுவரை சொன்னது முதல் நாள் செய்தி. மொழிபெயர்ப்பவருக்கு இதைவிடக் கடினமான நாள் 2025 ஜனவரியில் வந்தது. வழக்கு 2023 ஜனவரியிலேயே சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டு விசாரணைக்குப் பின் அது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதே வேங்கைவயலைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அங்குள்ள மக்கள் அதை ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களும் பட்டியல் சாதியினர் என்பதால், வன்கொடுமைச் சட்டத்தின் தனி நீதிமன்றத்திலிருந்து வழக்கு 2025 பிப்ரவரியில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது.

அந்த நாளில் தமிழில் எப்படியெல்லாம் பேசினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ‘குற்றவாளிகள் மூவர்’, ‘உண்மை வெளியானது’, ‘அவங்களே கலந்துட்டாங்க’. தமிழ்ப் பேச்சில் குற்றவாளி என்ற சொல்லைப் போலீஸ் பிடித்த நிமிடத்திலிருந்தே பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் ‘அக்யூஸ்டு’ வேறு, ‘கன்விக்டு’ வேறு. தமிழ்ச் செய்தியில் குற்றவாளி என்று இருந்தாலும், தீர்ப்பு வராதவரை குற்றம் சாட்டப்பட்டவர் என்றுதான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இது பெருந்தன்மை அல்ல, சட்டப்படி சரியான சொல் அதுதான்.

‘கூறப்படுகிறது’ என்பதும் இப்படித்தான். தமிழில் இந்த வினைக்கு எழுவாய் தேவையில்லை. யார் கூறுகிறார்கள் என்று சொல்லாமலே ஒரு முழுச் செய்தியை எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் கூறியவரின் பெயரை வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டும். ‘மூவரும் கலந்ததாகக் கூறப்படுகிறது’ என்பது, ‘மூவர் மீதும் குற்றம் சாட்டி சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துள்ளது’ என்று மாற வேண்டும். அதற்கு அடுத்த வாக்கியமே, அங்குள்ள மக்கள் இதை மறுக்கிறார்கள் என்று வர வேண்டும். கடைசிப் பத்தியில் போட்டால் வெட்டிவிடுவார்கள். வெட்டினால், போலீஸ் சொன்னது மட்டும் நாடு முழுவதும் உண்மையாகப் போய்ச் சேரும்.

இன்னொரு சிறு கண்ணி, சிபிசிஐடி. அது தமிழ்நாடு காவல்துறையின் ஒரு பிரிவு. வெளி மாநில வாசகர் அதைச் சிபிஐ என்று வாசித்துவிடுவார். அப்படி வாசித்தால், சிபிஐ விசாரித்து முடித்த வழக்கில் ஏன் இவர்கள் மறுபடி சிபிஐ விசாரணை கேட்கிறார்கள், பிடிவாதக்காரர்கள் போலிருக்கிறது என்று தோன்றும். ‘மாநிலக் காவல்துறையின் குற்றப்பிரிவு’ என்று நான்கு சொற்களில் விளக்கினால்தான் அந்தக் கோரிக்கையின் நியாயம் புரியும். மாநிலப் போலீஸ் மீது நம்பிக்கை இல்லாததால்தானே மத்திய விசாரணை கேட்கிறார்கள்.

எழுதி முடித்த செய்தியில் பொருள் தொலைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் கடைப்பிடிக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். அது அண்ணனிடமிருந்து வந்தது. அந்தப் போனுக்குப் பிறகு, இந்தப் பகுதிச் செய்தி எதையும் அனுப்புவதற்கு முன் அவரைக் கூப்பிடுவேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் திருப்பி வாய்விட்டுச் சொல்வேன். மூலத் தமிழைப் பார்க்காமல், ஆங்கிலத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘காலனி’ என்று எழுதியிருந்தால் திருப்பும்போது ‘குடியிருப்பு’ என்று வரும். ‘வில்லேஜர்ஸ்’ என்று எழுதியிருந்தால் ‘கிராமத்தினர்’ என்று வரும். அப்போதே அவர் நிறுத்துவார்: “இரும்மா, யாரு கிராமத்தினர்?” இரண்டு நிமிடம் ஆகும். அந்த இடத்தைத் தெரிந்த ஒருவர் கேட்டு, ஆமாம், நடந்தது இதுதான் என்று சொன்னால் அனுப்பலாம்.

எல்லாவற்றையும் கொண்டுபோக முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 250 சொற்களில் இரண்டு விளக்கங்களுக்குத்தான் இடம் இருக்கும், மூன்றாவதை வைத்தால் செய்தி பாடப்புத்தகம் ஆகிவிடும். எந்த இரண்டு என்று தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. எந்தச் சொல்லை விளக்காவிட்டால் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது மாறிப்போகுமோ, அதை விளக்குங்கள். மற்றதை விடுங்கள். வேங்கைவயலில் அய்யனார் யார் என்று விளக்க வேண்டாம். அந்தத் தொட்டி யாருடையது என்று விளக்கியே ஆக வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் நம் குடும்பங்களில் ஆங்கிலம் படித்த முதல் தலைமுறை. இதழியல் முடித்துவிட்டு அந்த டெஸ்க்குகளுக்குப் போகப் போகிறீர்கள். அங்கே உங்கள் ஆங்கிலத்தைத் திருத்த ஆட்கள் இருப்பார்கள். ‘ஊர்’ என்ற சொல்லில் இருக்கும் கோட்டைப் பார்க்க அந்த அறையில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்தியை அனுப்புங்கள்: அந்த சனங்க எந்த வில்லேஜ்?